வர்க்கமூலத்துக்கு ஆம்பூரில் என்ன வேலை?

பி.காம். படித்த எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். "ஒரு வியாபாரி ஆண்டுக்கு இத்தனை யூனிட் விற்கிறார். ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவு இவ்வளவு. கையிருப்புச் செலவு பத்து சதவீதம். இ.ஓ.க்யூ. கண்டுபிடி." கால்குலேட்டரைத் தட்டினால் ஒரு எண் வரும். அடியில் இரண்டு கோடு போட்டால் முழு மதிப்பெண். அந்த வியாபாரி யார், என்ன விற்கிறார், யாருக்கு விற்கிறார், பணம் எப்போது வரும் என்று வினாத்தாளும் சொல்லாது, மாணவனும் கேட்க மாட்டான்.

அந்த வியாபாரியைக் கொஞ்சம் வெளியே அழைத்து வந்து ஆம்பூரில் உட்கார வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? கணக்கு பொய்யாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. கணக்கின் பாதி பிரமாதமாக வேலை செய்யும். மீதிப் பாதி கடையையே மூட வைக்கும். எந்தப் பாதி எது என்று சொல்லித் தராததுதான் பாடத்தின் குற்றம்.

முதலில் கடை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இந்த ஊர்களும் பிரிந்துபோயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஆனால் பிழைப்பு ஒன்றுதான். தோல், ஷூ, ஷூவின் மேல்பாகமான அப்பர். பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளைச் சுற்றி சின்னச் சின்ன ஷெட்டுகளில் ஜாப் ஒர்க் நடக்கும். நான்கு தையல் மெஷின், ஆறு ஆள், வாசலில் ஒரு டி.வி.எஸ். 50.

இந்த ஷெட்டுகளுக்குச் சாமான் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். சொல்யூஷன் டப்பா, நூல் கோன், ஐலெட், லைனிங் துணி, பக்கிள். சரக்கு சென்னை பெரியமேட்டிலிருந்து லாரி பார்சலில் வருகிறது. கடை கற்பனைதான். கீழே வரும் எண்களும் கணக்குக்காக வைத்துக்கொண்டவைதான். ஆனால் நிலைமை கற்பனை இல்லை.

நன்றாக வேலை செய்யும் பாதி

சொல்யூஷனில் தொடங்கலாம். அதாவது ஷூ ஒட்டும் பசை. எந்த மாடல் ஷூவாக இருந்தாலும், எந்த நிறமாக இருந்தாலும் பசை வேண்டும். மாதம் 100 டப்பா, ஆண்டுக்கு 1,200 டப்பா போகிறது. ஒரு டப்பா கொள்முதல் விலை 600 ரூபாய். ஒரு தடவை ஆர்டர் போட்டு வரவழைக்க, பார்சல் கூலி, இறக்குக் கூலி, அரை நாள் அலைச்சல் எல்லாம் சேர்த்து 600 ரூபாய். கடைக்காரர் கைமாற்று வாங்குவது ரெண்டு வட்டிக்கு. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். ஆகவே ஒரு டப்பாவை ஒரு வருடம் வைத்திருக்க 144 ரூபாய். (வாடகை, சேதம் எல்லாம் சேர்த்தால் இன்னும் கூடும். இப்போதைக்கு வட்டி மட்டும்.)

```
EOQ = √(2 × D × S ÷ H)
    = √(2 × 1200 × 600 ÷ 144)
    = 100
```

D ஆண்டுத் தேவை, S ஒரு ஆர்டர் செலவு, H ஒரு டப்பாவின் ஓராண்டு கையிருப்புச் செலவு. ஆக, ஒரு தடவைக்கு 100 டப்பா, வருடத்துக்கு 12 ஆர்டர். ஆர்டர் செலவு 7,200 ரூபாய். சராசரிக் கையிருப்பு 50 டப்பா என்பதால் கையிருப்புச் செலவும் 7,200 ரூபாய். மொத்தம் 14,400. இரண்டு செலவும் சமமாக வந்து நிற்கும் இடம்தான் இந்தச் சூத்திரம் தேடும் இடம்.

இதோடு பாடம் முடிந்துவிடுகிறது. உண்மையில் கடைக்காரருக்கு வேண்டிய விஷயம் இதற்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது. அவர் 100க்குப் பதில் 150 டப்பா ஆர்டர் போட்டால் என்ன நஷ்டம்? வருடம் 8 ஆர்டர், 4,800 ரூபாய். சராசரிக் கையிருப்பு 75, செலவு 10,800. மொத்தம் 15,600. அதாவது வருடத்துக்கு 1,200 ரூபாய் கூடுதல், மாதம் நூறு ரூபாய். சரி, துணிந்து இரண்டு மடங்காக 200 டப்பா வாங்கினால்? 18,000 ரூபாய். பாதியாகக் குறைத்து 50 டப்பா வாங்கினாலும் அதே 18,000தான். இரண்டு மடங்கு தப்புக் கணக்குப் போட்டும் கூடுதல் செலவு 3,600 ரூபாய். வருடக் கொள்முதல் 7,20,000 ரூபாயில் அது அரை சதவீதம்.

இந்தக் கோடு அடியில் கிண்ணம் மாதிரி குழிந்து இருக்காது. தாம்பாளம் மாதிரி தட்டையாக இருக்கும். ஆகவே 97.98 என்று தசமத்தில் விடை எழுதுவது வேடிக்கை. "மாதத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் முன்னே பின்னே" என்பதுதான் சரியான விடை. எழுதப் படிக்கத் தெரியாத பாய் ஒருவர் நாற்பது வருடமாக அப்படித்தான் வாங்கிக்கொண்டிருப்பார். அவருக்குச் சூத்திரம் தெரியாது என்று சிரிக்கிறவர்களுக்கு இந்தத் தட்டை தெரியாது.

பத்து சதவீதம் யாருடையது?

இந்தச் சூத்திரத்தை முதலில் அச்சில் எழுதியவர் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1913இல் 'ஃபேக்டரி' என்ற பத்திரிகையில் எழுதினார். அவர் கேட்டது கடைக்காரரின் கேள்வி இல்லை. தொழிற்சாலைக்குள் ஒரு மெஷினை ஒரு பாகத்துக்காகச் செட் செய்துவிட்டால், ஒரே ஓட்டத்தில் எத்தனை பாகம் செய்வது என்பது அவருடைய கேள்வி. வட்டிக்கும் தேய்மானத்துக்கும் சேர்த்து ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டார். ஒரு பெரிய தொழிற்சாலையின் உள்கணக்குக்கு அது போதும்.

நூறு வருடம் தாண்டியும் நம்மூர்ப் பயிற்சிக் கணக்குகளில் அதே பத்து சதவீதம் உட்கார்ந்திருக்கிறது. மேலே உள்ள கடையில் பத்து சதவீதம் போட்டுப் பாருங்கள். விடை 155 டப்பா. மூணு வட்டிக்கு வாங்குகிறவர் என்றால் 82 டப்பா. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். வட்டி என்ன என்று கேட்காமல் வர்க்கமூலம் எடுப்பது, நோயாளியைப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதுவது மாதிரி.

கோடு தட்டையாயிற்றே, அதனால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வட்டி விகிதம் மட்டும்தான் பிரச்சினை என்றால் பெரிய நஷ்டம் இல்லைதான். ஆனால் வட்டியைத் தேடிப் போனால் வேறு ஒன்று அகப்படுகிறது. பணம் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்ற கேள்வி.

பெரியமேட்டு மொத்த வியாபாரி 45 நாள் கடன் தருகிறார். அப்படியானால் 45 நாளைக்கு வட்டியே இல்லை, 45 நாளில் விற்றுத் தீரும் 150 டப்பாவை வாங்கிவிடலாம் என்று தோன்றும். புத்தகப்படி அது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஜாப் ஒர்க் ஷெட்காரர் கடைக்குப் பணம் தருவது எப்போது? அவருக்குக் கம்பெனி பணம் தந்த பிறகு. அறுபது நாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் விற்ற டப்பாவின் பணமே 61ஆம் நாள்தான் வரும். 45ஆம் நாள் மொத்த வியாபாரிக்கு 90,000 ரூபாய் கட்ட வேண்டும். அன்றைக்குக் கல்லாவில் அந்தச் சரக்கு விற்ற பணம் ஒரு ரூபாய்கூட இருக்காது.

இன்னொரு வழியாகவும் பார்க்கலாம். இ.ஓ.க்யூ. கவலைப்படுவது சராசரிக் கையிருப்பான 50 டப்பாவைப் பற்றி. அதன் மதிப்பு 30,000 ரூபாய். அறுபது நாள் கடனில் வெளியே நிற்பது 200 டப்பாவின் பணம். கொள்முதல் விலையிலேயே 1,20,000 ரூபாய். அலமாரியில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு பணம் ஷெட்காரர்களின் நோட்டில் நிற்கிறது. சூத்திரம் அந்த நோட்டின் பக்கமே திரும்பிப் பார்க்காது.

சட்டம் உதவுமே, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று வணிகவியல் மாணவர் யாராவது எழுந்து கேட்கலாம். அது உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும். 2021 ஜூலையில் வியாபாரிகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே வாங்கி விற்கும் இந்தக் கடைக்காரர் கம்பெனிக்காரரின் தயவில்தான் இருக்கிறார்.

டேன் கலர் நூல்

இதுவரை வந்தது திருத்திக்கொள்ளக்கூடிய தப்பு. இனிமேல் வருவது திருத்த முடியாதது.

ஒரு ஷெட்காரர் கடைக்கு வருகிறார். "பாய், டேன் கலர் நூல் நூறு கோன் எடுத்து வைங்க. பெரிய ஆர்டர் வந்திருக்கு." வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஒரு சீசனுக்கு ஒரு மாடல் கேட்டிருக்கிறது. அந்த மாடலுக்கு அந்த நிறத்தில்தான் நூல். மூன்று வாரத்தில் தையல் முடிந்துவிடும். அதன் பிறகு அந்த நிறத்தை யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த சீசனில் நிறம் வேறு.

இங்கே D என்ன? ஆண்டுத் தேவை என்று ஒன்று இருந்தால்தானே சூத்திரத்தில் போடலாம்! போன வருடம் எல்லா நிறத்திலும் சேர்த்து 1,200 கோன் விற்றது என்பதை எடுத்துப் போட்டால் ஒரு விடை வரத்தான் செய்யும். சூத்திரம் மறுப்பு சொல்லாது. எதைப் போட்டாலும் அரைத்துக் கொடுக்கும் மாவு மில் அது. ஆனால் வரும் விடைக்கும் இந்த டேன் கலருக்கும் சம்பந்தமில்லை. மிஞ்சியதை அடுத்த மாதம் விற்கலாம் என்ற அஸ்திவாரத்தின் மேல்தான் இ.ஓ.க்யூ. நிற்கிறது. இங்கே அடுத்த மாதமே கிடையாது.

இதற்கு வேறு கணக்கு இருக்கிறது. பேப்பர்காரர் கணக்கு என்பார்கள். காலையில் எத்தனை பேப்பர் எடுப்பது? குறைந்தால் லாபம் போகும், மிஞ்சினால் மாலையில் எடைக்குப் போகும். அவ்வளவுதான்.

ஒரு கோன் 150 ரூபாய்க்கு வாங்கி 200க்கு விற்கிறார். மிஞ்சினால் 60 ரூபாய்க்குத் தள்ளிவிடலாம். குறைந்தால் ஒரு கோனுக்கு 50 ரூபாய் போச்சு. மிஞ்சினால் 90 ரூபாய் போச்சு. இரண்டையும் கூட்டினால் 140. 90ஐ 140ஆல் வகுத்தால் 64 சதவீதம். பொருள் இதுதான்: இன்னும் ஒரு கோன் விற்கும் என்பதற்கு நூற்றுக்கு 64க்கு மேல் வாய்ப்பு இருந்தால் மட்டும் அந்தக் கோனை வாங்கு. இல்லாவிட்டால் விட்டுவிடு.

வாய்ப்பு எப்படித் தெரியும்? பழைய நோட்டைப் புரட்ட வேண்டும். "நூறு கோன் வேணும்" என்று சொன்ன பத்து ஆர்டர்களில் உண்மையில் எத்தனை எடுத்துப் போனார்கள்? இரண்டு தடவை 40, இரண்டு தடவை 60, மூன்று தடவை 80, மூன்று தடவைதான் முழு நூறு என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி ஆர்டரைக் குறைத்திருக்கும், வேறு ஷெட்டுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும். அப்படியானால் 60 கோனாவது போகும் என்பதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 80. எண்பது கோன் போக வாய்ப்பு 60 மட்டுமே, 64க்குக் கீழே. ஆகவே 60 கோனோடு நிறுத்த வேண்டும்.

சந்தேகம் இருந்தால் லாபத்தைக் கூட்டிப் பார்க்கலாம். 60 வாங்கினால் சராசரி லாபம் 2,440 ரூபாய். 80 வாங்கினால் 2,320. கேட்டபடி 100 வாங்கினால் 1,360. வாடிக்கையாளர் சொன்ன பேச்சை நம்பி நூறு எடுத்தவர் கிட்டத்தட்டப் பாதி லாபத்தைத் தொலைக்கிறார். இங்கே கோடு தாம்பாளம் இல்லை. தப்புக்கு உடனே தண்டனை.

இதே ஷெட்காரர் கொள்முதல் விலையில் பாதியை முன்பணமாகத் தந்தால் கதை மாறும். 75 ரூபாய் அவர் கொடுத்துவிட்டு எடுக்காமல் போனால், எடைக்கு வரும் 60ஐயும் சேர்த்து கடைக்காரரின் நஷ்டம் 90லிருந்து 15 ஆகிறது. அப்போது 15ஐ 65ஆல் வகுத்தால் 23 சதவீதம். நூறு கோன் போக வாய்ப்பு 30 என்பதால் நூறையும் தைரியமாக வாங்கலாம். எந்த வர்க்கமூலமும் தராத லாபத்தை ஒரு முன்பணம் தந்துவிடுகிறது.

இருபது கதவு, ஒரே வீடு

"தேவை ஏறி இறங்கினால் பாதுகாப்புக் கையிருப்பு வைத்துக்கொள்ளலாமே?" புத்தகத்தின் அடுத்த அத்தியாயம் அப்படித்தான் சமாதானம் சொல்கிறது. பாதுகாப்புக் கையிருப்பு என்பது ஒருவர் குறைத்தால் இன்னொருவர் கூட்டுவார், மொத்தத்தில் சரிக்கட்டிப் போகும் என்ற நம்பிக்கையில் போடும் கணக்கு. சென்னையில் மளிகைக் கடைக்கு அது பொருந்தலாம். ஆம்பூரில் இருபது ஷெட்டுக்கு விற்கும் கடைக்கு இருபது வாடிக்கையாளர்கள் கிடையாது. இருபது கதவு உள்ள ஒரே வீடு. அந்த வீட்டில் விளக்கு அணைந்தால் எல்லா அறையிலும் அணையும்.

இது கற்பனைப் பயம் இல்லை. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த கழிவுநீர் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமும் இன்னும் நான்கு மாவட்டங்களும் சேர்த்து டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். நவம்பர் 30க்குள் கழிவுநீர் சுத்திகரிப்புக்கு வழி செய்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதலும் பெறாதவை மூடப்பட வேண்டும். தீர்ப்பு தேவையா என்று இங்கே விவாதம் இல்லை. ஆற்றுத் தண்ணீர் குடித்தவர்களிடம் கேட்டால் பதில் தெரியும். ஆனால் டேனரிக்குக் கெமிக்கல் விற்ற கடைக்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். வருடாந்திரத் தேவை என்ற அந்த D நீதிமன்றம் குறித்த தேதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது எல்லா ஷெட்டும் ஒரே நாளில் பூட்டின. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மேல் வரியை 50 சதவீதமாக்கியபோது தோலும் ஷூவும் அதில் மாட்டின. காரணம் ஒவ்வொரு தடவையும் வேறு. வடிவம் ஒன்றுதான். எல்லோரும் சேர்ந்து நிற்கிறார்கள்.

அப்படி ஒரு நாளில் நம் கடையில் 100 சொல்யூஷன் டப்பா இருந்தால் 60,000 ரூபாய் முடக்கம், மாதம் 1,200 ரூபாய் வட்டி. 200 டப்பா இருந்தால் இரண்டும் இரண்டு மடங்கு. டப்பாவின் மேல் அச்சடித்த தேதி வேறு ஓடிக்கொண்டிருக்கும். இறுகிப்போன பசையை எடைக்குக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள். இப்போது அந்தத் தாம்பாளத்தை மறுபடி பாருங்கள். 100க்குப் பதில் 70 வாங்கினால் வருடத்துக்குக் கூடும் செலவு ஆயிரம் ரூபாய்க்குள்தான். அந்த ஆயிரம் நஷ்டமில்லை, காப்பீட்டுத் தவணை. ஒரே தொழிலை நம்பிய ஊரில் சூத்திரம் சொல்வதற்குக் கொஞ்சம் கீழே நிற்பவன்தான் விவரமானவன். இதைச் சூத்திரம் சொல்லவில்லை. சூத்திரத்தின் தட்டைதான் இதற்கு இடம் கொடுக்கிறது.

ஆகவே

"தியரியெல்லாம் வியாபாரத்துக்கு உதவாது தம்பி" என்று சொல்லும் பெரியவர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்பட வேண்டாம். டேன் கலர் நூல் நூறு கோனை மூலையில் தூசி படிய அடுக்கி வைத்திருப்பவர்களில் பலர் அவர்கள்தான். அனுபவம் மட்டும் போதுமென்றால் அந்த மூலை காலியாக இருந்திருக்கும். கணக்கு வேண்டும். எந்தச் சரக்குக்கு எந்தக் கணக்கு என்பதுதான் வேண்டும்.

கடையில் இரண்டு அலமாரி போட்டால் போதும். எந்த ஆர்டர் வந்தாலும் போகும் கறுப்பு நூல், சொல்யூஷன், சாதா ஐலெட் ஒரு பக்கம். அதற்கு இ.ஓ.க்யூ. போடலாம், சொந்த வட்டியைப் போட்டு, விடைக்குக் கொஞ்சம் கீழே. ஒரு ஆர்டருக்காக மட்டும் வரும் நிறமும் பக்கிளும் இன்னொரு பக்கம். அதற்கு வர்க்கமூலம் வேண்டாம், பழைய நோட்டும் முன்பணமும் வேண்டும். ஒரு சாமான் எந்த அலமாரி என்று சந்தேகம் வந்தால் ஒரே கேள்வி: இந்த ஷெட்காரர் எடுக்காமல் போனால் அடுத்த மாதம் வேறு யாராவது இதைக் கேட்பார்களா?

தேர்வில் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். D, S, H மூன்றையும் வினாத்தாளிலேயே கொடுத்துவிட்டு வர்க்கமூலம் எடுக்கச் சொல்வது கால்குலேட்டருக்கு வைக்கும் பரீட்சை. "ஆம்பூரில் ஒரு கடை, இதோ அதன் நோட்டு. எந்தெந்தச் சாமானுக்கு இ.ஓ.க்யூ. போடக்கூடாது?" என்று கேட்டால் எத்தனை பேர் தேறுவார்கள்? கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.